பெரம்பலூர் பட்டை யாருடையது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டம் பெரம்பலூர். 5,65,223 பேர். பக்கத்து அரியலூரில் 7,54,894 பேர். இரண்டுக்கும் ஒரு பெருமை பொது: ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆயிரம் ஆண்களுக்குப் பெரம்பலூரில் 1003 பெண்கள், அரியலூரில் 1015. மேற்கே திருச்சியிலும் அப்படித்தான், 1013. வடக்கே கடலூருக்குப் போனால்தான் கணக்கு மாறுகிறது. அங்கே 987.

இந்த நான்கு எண்களை வைத்து ஒரு பட்டை வரைபடம் போடுவதாக வைத்துக்கொள்வோம். நான்கு பட்டைகள், அடியில் நான்கு பெயர்கள், அதற்கும் கீழே ஓர் அட்டவணை. கல்லூரி ஆய்வேட்டிலும், தொண்டு நிறுவன ஆண்டறிக்கையிலும், மாவட்ட அலுவலகத்துக் கையேட்டிலும் இந்த அமைப்பை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். படமும் அட்டவணையும் ஒன்றையே சொல்கின்றனவா என்று யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நான்கே எண்கள் உள்ள இடத்திலேயே அந்த வேலை எவ்வளவு வழுக்கும் என்று பார்ப்போம்.

முதலில் அட்டவணை, கணக்கெடுப்புத் துறை மாவட்டங்களை அடுக்கும் வரிசையிலேயே:

| மாவட்டம் | ஆண்கள் | பெண்கள் | பாலின விகிதம் |
|---|---|---|---|
| திருச்சிராப்பள்ளி | 13,52,284 | 13,70,006 | 1013 |
| பெரம்பலூர் | 2,82,157 | 2,83,066 | 1003 |
| அரியலூர் | 3,74,703 | 3,80,191 | 1015 |
| கடலூர் | 13,11,697 | 12,94,217 | 987 |

இந்த வரிசை அகர வரிசை அல்ல. கணக்கெடுப்பு தன் மாவட்டக் குறியீட்டு எண்ணின்படி அடுக்குகிறது. அறிக்கை எழுதுகிறவருக்கு இது உறுத்தும். அகர வரிசையில் இருந்தால் நன்றாக இருக்குமே என்று பெயர் இருக்கும் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கச் சொல்கிறார். எக்செல் அப்போது ஒரு கேள்வி கேட்கும்: பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து அடுக்கட்டுமா, தேர்ந்தெடுத்ததை மட்டும் அடுக்கட்டுமா? அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டால் பெயர்கள் மட்டும் நகர்கின்றன. எண்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இப்போது படத்தில் அரியலூர் 1013, கடலூர் 1003, திருச்சி 1015, பெரம்பலூர் 987.

இந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அரியலூர் பட்டை 1015 இருக்க வேண்டிய இடத்தில் 1013 இருக்கிறது. திருச்சி 1013க்குப் பதில் 1015. இரண்டு எண் வித்தியாசம் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது? சரிபார்ப்பவர் முதல் பட்டையைப் பார்க்கிறார், ‘அரியலூர், ஆயிரத்துப் பதின்சொச்சம், சரி’ என்கிறார். மூன்றாவதும் சரி. பெரிய தவறு இருப்பது இரண்டாவதிலும் நான்காவதிலும். அங்கே ஒரு பொய்யே உருவாகியிருக்கிறது. பெண்கள் அதிகம் உள்ள பெரம்பலூர் பெண்கள் குறைந்த மாவட்டமாகிவிட்டது. கடலூருக்குச் சம்பந்தமில்லாத பெருமை கிடைத்துவிட்டது. இதைப் பார்த்து ஒருவர் பெரம்பலூரில் ஏன் பெண்கள் குறைவு என்று நான்கு பக்கம் காரணம் எழுதிவிடக்கூடும். காரணம் தேடினால் கிடைக்காமலா போகும்?

அலுவலகங்களில் சரிபார்ப்பு என்றால் முதலில் செய்வது கூட்டிப் பார்ப்பது. அட்டவணையின் நான்கு விகிதங்களைக் கூட்டினால் 4018. படத்தின் நான்கையும் கூட்டினாலும் 4018. சராசரி இரண்டிலும் 1004.5. மிக உயர்ந்தது இரண்டிலும் 1015, மிகத் தாழ்ந்தது இரண்டிலும் 987. எந்தச் சோதனையிலும் படம் தேறிவிடுகிறது. கூட்டலுக்கு வரிசை முக்கியமில்லை. எந்த எண் எந்தப் பெயருக்குச் சொந்தம் என்று அதற்குத் தெரியாது. ஓர் எண் விடுபட்டிருந்தால், ஓர் இலக்கம் தவறாக அடித்திருந்தால் கூட்டல் பிடித்துவிடும். பெயரும் எண்ணும் இடம் மாறியிருந்தால் அது குருடு. படத்தில் வரும் பிழைகளில் மோசமானது இந்த இரண்டாவது வகை என்பதே என் கருத்து. ஒற்றை எண் பிழை பெரும்பாலும் பட்டையை வானத்துக்கோ தரைக்கோ கொண்டுபோய்த் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். இடமாற்றப் பிழையில் எல்லா எண்களும் உண்மையானவை.

கணிதத்தில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு: ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எடை கொடுத்துவிட்டுக் கூட்டுவது. பத்து இலக்க நூல் எண் முறையில் முதல் இலக்கத்தைப் பத்தால், அடுத்ததை ஒன்பதால் என்று இறங்குவரிசையில் பெருக்கிக் கூட்டுவார்கள்; இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறிவிடும். உங்கள் ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இப்படி ஒரு காவல் இலக்கம்தான். அடுத்தடுத்த இரு இலக்கங்களை மாற்றி எழுதினால் அது பொருந்தாது. அதற்குப் பயன்படும் முறையை நெதர்லாந்துக் கணிதவியலாளர் ஜேக்கபஸ் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்டார்.

நம் நான்கு மாவட்டங்களுக்கு எடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆண்களின் எண்ணிக்கையே எடை. ஒரு மாவட்டத்தின் பாலின விகிதத்தை அங்குள்ள ஆண்களின் எண்ணிக்கையால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பெண்களின் எண்ணிக்கை திரும்பக் கிடைக்க வேண்டும். அப்படி நான்கு மாவட்டங்களுக்கும் செய்து கூட்டுவோம். சரியான பெயர்களோடு செய்தால் 33,27,836 பெண்கள் வருகிறார்கள். உண்மையில் அட்டவணைப்படி நான்கு மாவட்டப் பெண்களின் தொகை 33,27,480. வித்தியாசம் 356. விகிதங்களை முழு எண்ணாக்கியதால் வந்த வித்தியாசம் அது. ஒரு விகிதத்தை முழு எண்ணாக்கும்போது அதிகபட்சம் அரை மட்டுமே மாறும். நான்கு மாவட்டங்களின் ஆண்கள் 33,20,841 பேர். ஆக எல்லா அரைகளும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் வித்தியாசம் 1,660ஐத் தாண்ட முடியாது. 356 அதற்குள் அடங்குகிறது.

இப்போது பெயர் மாறிய படத்தின் எண்களை வைத்து அதே கணக்கு. அரியலூர் ஆண்களை 1013ஆல், கடலூர் ஆண்களை 1003ஆல், திருச்சியை 1015ஆல், பெரம்பலூரை 987ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 33,46,263. உண்மையைவிட 18,783 பெண்கள் அதிகம். வரம்பு 1,660தான். கூட்டலுக்குத் தெரியாத பிழை இங்கே வெட்டவெளிச்சமாகிறது. சின்னப் பெரம்பலூரிலிருந்து கழன்ற 1003, பெரிய கடலூரின் தலையில் ஏறியதுதான் காரணம். அட்டவணையில் ஆண், பெண் எண்ணிக்கை கொடுக்கப்பட்டிருந்தால் கைபேசியில் உள்ள கணக்குப்பொறியே போதும். இரண்டு நிமிட வேலை.

இதோடு நிறுத்திக்கொண்டால் இந்த முறை எல்லாவற்றையும் பிடிக்கும் என்ற எண்ணம் வந்துவிடும். பிடிக்காது. நான்கு பெயரும் கலையாமல் பெரம்பலூரும் அரியலூரும் மட்டும் இடம் மாறிய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரம்பலூர் 1015, அரியலூர் 1003. எடைக் கணக்கில் 33,26,725 வருகிறது. உண்மைக்கும் இதற்கும் 755தான் வித்தியாசம், வரம்புக்குள் அடங்கிவிட்டது. இரண்டு மாவட்டங்களும் சிறியவை, அளவிலும் அருகருகே இருப்பவை. எடைகள் நெருங்கினால் இடமாற்றம் தெரியாது. அதிலும் இவை மாறுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன. ஒட்டுமொத்தச் சோதனை எதுவானாலும் அது சல்லடைதான். இந்த ஜோடி அதன் கண்ணுக்குள் புகுந்துவிடும் அளவு.

ஆகவே கடைசியில் வரி வரியாகத்தான் போக வேண்டும். பெரம்பலூர் பெண்களை ஆண்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 1003.2. அரியலூருக்கு 1014.6. அட்டவணையில் ஆண்கள் B பத்தியிலும் பெண்கள் C பத்தியிலும் இருந்தால் எக்செலில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
=ROUND(C3/B3*1000,0)
```

ROUND இங்கே சும்மா இல்லை. அரியலூரின் 1014.6 முழு எண்ணாகும்போது 1015. யாராவது புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்திருந்தால் 1014 என்று எழுதியிருப்பார்கள். படத்தில் 1014, அட்டவணையில் 1015 என்று கண்டால் அது இடமாற்றம் அல்ல, வெட்டியதன் விளைவு. பட்டையின் மேல் எழுதிய எண் அட்டவணை எண்ணிலிருந்து கடைசி இலக்கத்தில் பாதிக்குள் விலகினால் அது முழுமையாக்கல். அதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். மக்கள்தொகை வளர்ச்சியிலும் இதே கதைதான். அரியலூர் 2001இல் 6,95,524, 2011இல் 7,54,894. வளர்ச்சி 8.54 விழுக்காடு. படத்தில் 8.5 என்று இருந்தால் குற்றமில்லை. 8.6 என்று இருந்தால் குற்றம்.

பட்டையின் மேல் எண்ணே எழுதவில்லை என்றால் என்ன செய்வது? அச்சிட்ட தாளாக இருந்தால் அளவுகோலை எடுக்க வேண்டியதுதான். செங்குத்து அச்சில் எழுதியிருக்கும் இரண்டு எண்களுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறோம். அடி 980, உச்சி 1020, இடையே 60 மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றில் இரண்டு பங்கு எண். ‘பெரம்பலூர்’ என்று பெயரிட்ட பட்டை 10.5 மில்லிமீட்டர் இருந்தால் அதன் மதிப்பு 980 கூட்டல் 7, அதாவது 987. அட்டவணை சொல்லும் 1003க்குப் பட்டை 34.5 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். சந்தேகத்துக்கே இடமில்லை, பெயர் தவறு.

அதே படத்தை 0 முதல் 1200 வரை அச்சு போட்டு அதே 60 மில்லிமீட்டரில் வரைந்திருந்தால் நிலைமை வேறு. ஒரு மில்லிமீட்டருக்கு 20. பள்ளி அளவுகோலால் அரை மில்லிமீட்டருக்குக் கீழே நம்பி அளக்க முடியாது. அது 10 எண்ணுக்குச் சமம். 987க்கும் 1003க்கும் இடையே 0.8 மில்லிமீட்டர், எட்டிப்பிடிக்கலாம். 1013க்கும் 1015க்கும் இடையே பத்தில் ஒரு மில்லிமீட்டர், அச்சு மையின் தடிமன் அதைவிட அதிகம் இருக்கும். படத்தைச் சரிபார்த்தோம் என்று எழுதும்போது எத்தனை எண் அளவுக்குச் சரிபார்த்தோம் என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை.

ஆனால் முதல் அச்சு நல்லது, இரண்டாவது கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 980இல் தொடங்கும் அச்சில் கடலூர் பட்டை 10.5 மில்லிமீட்டர், அரியலூர் 52.5 மில்லிமீட்டர். ஐந்து மடங்கு உயரம்! உண்மை வித்தியாசமோ மூன்று விழுக்காடு. பட்டையின் நீளத்தைத்தான் கண் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். அது பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் கண் ஏமாறும். பூஜ்யத்தில் தொடங்கினால் அளவுகோல் ஏமாறும். பாலின விகிதம் போல எல்லாம் ஆயிரத்தைச் சுற்றியே வரும் எண்களுக்குப் பட்டையே போடாமல் புள்ளி வைப்பதுதான் சரி. புள்ளிக்கு நீளம் இல்லை, இடம் மட்டும்தான்; அச்சை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். இதைச் சொன்னால் பட்டைதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், அப்படியானால் எண்ணை அதன் தலையில் எழுதிவிடுங்கள்.

அளக்கும்போது ஒழுங்கு ஒன்று உண்டு. அட்டவணையைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், எதிர்பார்த்த எண்ணே கண்ணுக்குத் தெரியும். எனவே அட்டவணையை ஒரு தாளால் மூடிவிட்டு, படத்திலிருந்து மட்டும் பெயரையும் எண்ணையும் தனியே எழுத வேண்டும். பிறகு மூடியதைத் திறந்து ஒப்பிட வேண்டும். அச்சகங்களில் மெய்ப்புப் பார்க்கும்போது ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். வாசிப்பவருக்கு அச்சுப்படி தெரியாது, விரல் வைத்தவருக்கு மூலம் தெரியாது. படத்துக்கும் இதைவிட நல்ல முறை இல்லை. வாசிப்பவர் எண்ணை மட்டும் சொல்லாமல் ‘பெரம்பலூர், ஆயிரத்து மூன்று’ என்று பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் கூடுதல்.

தாளாக இல்லாமல் கோப்பே கையில் இருந்தால் அளவுகோல் வேண்டாம். எக்செலில் ஒரு பட்டையைச் சொடுக்கினால் மேலே சூத்திரப் பட்டியில் அந்தப் படத்தின் ஜாதகமே தெரியும்:

```
=SERIES(Sheet1!$D$1,Sheet1!$A$2:$A$5,Sheet1!$D$2:$D$5,1)
```

முதலில் தொடரின் தலைப்பு எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது, அடுத்து பெயர்கள் எங்கிருந்து எங்கு வரை, பிறகு எண்கள் எங்கிருந்து எங்கு வரை. நான் முதலில் பார்ப்பது நடுவில் உள்ள இரண்டு வரம்புகளின் வரி எண்களை. இரண்டும் 2இல் தொடங்கி 5இல் முடிய வேண்டும். பெயர் $A$2:$A$5, எண் $D$3:$D$6 என்று இருந்தால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அடுத்த மாவட்டத்தின் எண் போயிருக்கிறது என்று பொருள். பெரம்பலூருக்கு அரியலூரின் 1015, கடலூருக்குக் கீழே இருக்கும் மொத்த வரியோ வெற்று வரியோ. வரம்பு முன்பே முடிந்துவிடுவதும் உண்டு. பொருளியலாளர்கள் கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் அரசுக் கடனும் வளர்ச்சியும் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் சராசரி எடுத்த வரம்பு 49ஆம் வரி வரை போக வேண்டியது 44இலேயே நின்றுவிட்டது. ஐந்து நாடுகள் வெளியே விடப்பட்டன. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களிடமிருந்தே கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது.

கோப்பிலும் கவனிக்க வேண்டியவை சில. மறைத்து வைத்த வரிகளை எக்செல் இயல்பாகப் படத்தில் வரையாது. அட்டவணையை வேறிடத்தில் ஒட்டும்போது அவை தலைகாட்டலாம். பட்டையின் மேலுள்ள எண்ணைச் சொடுக்கிக் கையால் திருத்தியிருந்தால் அது அதற்குப் பிறகு அட்டவணையோடு சேர்ந்து மாறாது. கிடைமட்டப் பட்டை படத்தில் அட்டவணையின் முதல் வரி அடியில் வரும், கடைசி வரி உச்சியில். இதைத் தெரியாத வடிவமைப்பாளர் பெயர்களை மேலிருந்து கீழாகத் தட்டச்சு செய்தால் நம் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் கடலூரும் மாறும், நடுவிலுள்ள பெரம்பலூரும் அரியலூரும் தங்களுக்குள் மாறும்.

இங்கே ஒரு நுட்பம். எக்செலில் படத்தோடு ஒட்டியே அட்டவணையை வரவழைக்கும் வசதி உண்டு. அப்படி வந்த அட்டவணையைப் படத்தோடு ஒப்பிட்டு எல்லாம் பொருந்துகிறது என்று கையொப்பம் போடுவது வீண் வேலை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. பொருந்தாமல் வேறென்ன செய்யும்? பெயர்ப் பத்தி மட்டும் அடுக்கப்பட்ட தாளிலிருந்தே படமும் அட்டவணையும் எடுக்கப்பட்டிருந்தால் இரண்டிலும் பெரம்பலூர் 987 என்றே இருக்கும். ஆண், பெண் பத்திகளும் நகராமல் நின்றிருப்பதால் வகுத்துப் பார்த்தாலும் 987 வரும். காட்டிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: அந்த அட்டவணையில் பெரம்பலூருக்கு 26 லட்சம் பேர் இருப்பார்கள். கணக்கெடுப்புத் துறையின் மூல அட்டவணையை எடுத்து ஒரு வரியாவது ஒப்பிட்டால்தான் சரிபார்ப்பு.

மூலத்தோடு ஒப்பிடும்போது எந்த மூலம் என்பதும் கேள்வி. 2011இல் முதலில் வந்தவை தற்காலிக எண்கள். இறுதி எண்கள் பின்னால் வந்தன. தமிழ்நாட்டின் மக்கள்தொகை தற்காலிகக் கணக்கில் 7,21,38,958, இறுதியில் 7,21,47,030. பாலின விகிதம் 995 என்று அறிவிக்கப்பட்டு 996 ஆனது. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் விகிதம் 946லிருந்து 943க்கு இறங்கியது. பழைய கோப்பிலிருந்து படமும் புதிய கோப்பிலிருந்து அட்டவணையும் வந்த அறிக்கையில் அநேகமாக எல்லா மாவட்டமும் கொஞ்சம் கொஞ்சம் தவறாக இருக்கும், எதுவும் பெரிதாகத் தவறாக இருக்காது. விலகல்களை ஒரு பத்தியில் எழுதிப் பார்த்தாலே நோய் என்னவென்று சொல்லிவிடலாம். இரண்டு மட்டும் எதிரெதிராக ஒரே அளவு விலகினால் பெயர் மாறியிருக்கிறது. ஒவ்வொன்றும் அடுத்ததன் எண்ணைக் காட்டினால் வரம்பு ஒரு வரி நகர்ந்திருக்கிறது. எல்லாம் சிறிதளவு விலகினால் பதிப்பு வேறு.

இதுவரை பேசியதெல்லாம் பெயர் தவறான பட்டைக்குப் போவது பற்றி. பெயரும் சரி, எண்ணும் சரி, படமும் அட்டவணையும் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன, ஆனாலும் படம் தவறு என்ற நிலையும் உண்டு. அதற்குப் பெரம்பலூரைவிடப் பொருத்தமான ஊர் தேடினாலும் கிடைக்காது.

பழைய திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. அப்போது அரியலூர் அதற்குள். 2001 ஜனவரி 1 அன்று அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனியானது. ஆக ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்ற பெயர் சில ஆண்டுகளில் இன்றைய பெரம்பலூரையும் சில ஆண்டுகளில் இரண்டையும் சேர்த்தும் குறிக்கிறது. 2001 கணக்கெடுப்பு நடந்த நேரத்தில் அரியலூர் தனியாக இருந்தது. அதன்படி பெரம்பலூர் 4,93,646, அரியலூர் 6,95,524. ஓராண்டு கழித்து இரண்டும் சேர்ந்தபின் யாராவது பெரம்பலூர் மாவட்டத்தின் 2001 மக்கள்தொகை என்ன என்று கேட்டிருந்தால் 11,89,170 என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் சரியான எண்கள்தான்.

இப்போது ஒருவர் 2005இல் அச்சான கையேட்டிலிருந்து 2001க்கான எண்ணையும், 2011 கணக்கெடுப்பிலிருந்து 2011க்கான எண்ணையும் எடுத்துக் கோட்டு வரைபடம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தே ஆண்டில் பெரம்பலூர் 11,89,170லிருந்து 5,65,223க்கு விழுகிறது, 52 விழுக்காட்டுக்கு மேல் சரிவு. கீழே உள்ள அட்டவணையும் அதையே சொல்கிறது. உண்மையில் அதே நிலப்பரப்பில் மக்கள்தொகை 14.5 விழுக்காடு கூடியிருக்கிறது. மக்கள்தொகையில் இந்தச் சரிவு அபத்தம் என்று யாருக்கும் தெரிந்துவிடும். மக்காச்சோளப் பரப்பிலோ பள்ளிகளின் எண்ணிக்கையிலோ சாலை விபத்துகளிலோ 2002இல் ஓர் ஏற்றமும் 2007க்குப் பின் ஓர் இறக்கமும் வந்தால் அதற்கு மழை, விலை, நிர்வாகம் என்று காரணம் சொல்ல ஆள் வரிசையில் நிற்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அந்தந்த ஆண்டில் அந்தப் பெயருக்குள் எந்தெந்த வட்டங்கள் இருந்தன என்று பார்ப்பது. அரியலூர், உடையார்பாளையம், செந்துறை வட்டங்கள் உள்ளே இருக்கின்றனவா இல்லையா என்பதிலேயே விடை இருக்கிறது. வட்ட அளவில் எண் கிடைத்தால் எல்லா ஆண்டுக்கும் இன்றைய எல்லைப்படி கூட்டிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் இரண்டு மாவட்டத்தையும் எல்லா ஆண்டிலும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டு, ‘பெரம்பலூர், அரியலூர் சேர்த்து’ என்று பெயரிடுவது நேர்மை. கோட்டை உடைத்து, உடைந்த இடத்தில் ‘2007இல் பிரிந்தது’ என்று எழுதுவதும் நேர்மைதான். உடைக்காமல் வளைந்து இறங்கும் கோடாக இழுப்பதை மட்டும் ஏற்க முடியாது.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் இருந்தன, இன்று 38. கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆகிய ஆறும் பட்டியலின் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளப் போவதில்லை; நடு நடுவே நுழைந்து மற்ற வரிகளைக் கீழே தள்ளும். விழுப்புரம், திருநெல்வேலி, காஞ்சிபுரம், வேலூர், நாகப்பட்டினம் ஆகிய பெயர்கள் 2011இல் குறித்த பரப்பு வேறு, 2027இல் குறிக்கப்போகும் பரப்பு வேறு. பெரம்பலூரும் அரியலூரும் இந்த முறை எல்லை மாறாத மாவட்டங்கள். இரண்டு கணக்கெடுப்பையும் ஒப்பிடும் படம் உங்கள் கைக்கு வந்தால் முதலில் இந்த இரண்டு பட்டைகளை மூல அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 2011க்கு 5,65,223, 7,54,894 என்று அவை சரியாக நிற்காவிட்டால், மற்ற 36ஐப் படிக்கத் தொடங்காதீர்கள்.